இரு சம்பளம் ஒன்றாகும்போது
வேலையை விட விரும்பும் மனைவிக்கும் கணக்கெழுதும் கணவனுக்கும் சில வார்த்தைகள்

இரவு உணவு முடிந்து, பிள்ளைகள் படிப்பு மேசையை விட்டு எழுந்த பிறகு, மனைவி மெல்லப் பேச்சைத் தொடங்குகிறாள்: "என்னப்பா, நான் வேலையை விட்டால் என்ன?" கணவன் உடனே விடை கூறுவதில்லை. அவன் மனத்தில் முதலிலே தோன்றுவது அவளுடைய சம்பளத் தொகை. "மாதம் இலட்சத்துக்கு மேல் வரும் பணத்தை எப்படி விடுவது?" என்று அவன் கேட்கிறான். அவளோ, "கட்டிலிலே கிடக்கும் மாமியை எவ்வளவு காலம் அந்நியர் கையில் விடுவது?" என்று திருப்பிக் கேட்கிறாள். இருவருடைய கேள்வியும் நியாயமானவையே. ஆயினும் இருவரும் கணக்கைப் பார்க்காமலே பேசுகின்றனர்.

இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கணவன் மனைவி இருவரும் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் பல. அவர்களுள் ஒருவர் வேலையை விடவோ அரைநாள் வேலைக்கு மாறவோ எண்ணும்போது செய்யவேண்டிய கணக்கை, ஓர் உதாரணக் குடும்பத்தை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தொகைகள் உதாரணத்துக்கே உரியவை. வாசகர் தத்தம் தொகைகளை அவ்விடங்களில் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சம்பளம் வேறு, வீட்டுக்கு மிஞ்சுவது வேறு

வெள்ளவத்தையில் வாழும் தம்பதியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் தனியார் கம்பனிகளில் வேலை செய்கின்றனர். கணவனுக்கு மாதச் சம்பளம் 165,000 ரூபா; மனைவிக்கு 120,000 ரூபா. மனைவிக்கு வயது 41. அவள் தன் காரியாலயத்தில் சேர்ந்து 12 வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. பாடசாலை செல்லும் பிள்ளைகள் இருவர். கணவனின் தாயார் பாரிசவாதத்தினால் ஒரு பக்கம் செயலிழந்து படுக்கையில் இருக்கிறார்.

சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் கழிக்கப்படுகிறது. 2025 ஏப்பிரல் முதல் மாதம் 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அதற்கு மேற்பட்ட முதற் பகுதிக்கு 6 வீதம் அறவிடப்படும். ஆகவே கணவன் 13,200 ரூபா சேமலாப நிதிக்கும் 900 ரூபா வரிக்கும் போக, 150,900 ரூபா கொண்டுவருகிறான். மனைவி 9,600 ரூபா போக 110,400 ரூபா கொண்டுவருகிறாள்.

இந்த 110,400 ரூபாவையே நாம் இழக்கப்போகிறோம் என்று எண்ணுவது முதலாவது தவறு. அவள் வேலைக்குப் போவதனாலேயே உண்டாகும் செலவுகளை ஒரு கொப்பியில் தனியே எழுத வேண்டும். மாமியாரைப் பகலில் கவனிக்கும் பெண்ணுக்கு 45,000 ரூபா. பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் 10,000. சமைக்க நேரமின்றிக் கடையில் வாங்கும் உணவுக்கு 9,000. உடுப்புக்கும் காரியாலயச் சந்தாக்களுக்கும் 4,000. ஆக 68,000 ரூபா. இதனைக் கழித்தால் அவள் சம்பளத்திலிருந்து வீட்டுக்கு உண்மையில் மிஞ்சுவது 42,400 ரூபாவே.

இதைக் கண்டதும், "இவ்வளவுதானா? நாளைக்கே விட்டுவிடலாம்" என்று கூறுவது இரண்டாவது தவறு. கையில் வராத பணமும் ஒன்றுண்டு. சேமலாப நிதிக்கு அவள் கொடுக்கும் 9,600 ரூபாவுடன், தொழில் வழங்குநர் நூற்றுக்கு 12 வீதமாக 14,400 ரூபா சேர்க்கிறார். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமாக 3,600 ரூபா செலுத்துகிறார். இம்மூன்றும் சேர்ந்து மாதம் 27,600 ரூபா. கண்ணுக்குத் தெரியாத இப்பணம் அவளுடைய முதுமைக்கான உணவு. ஆகவே உண்மையான இழப்பு 42,400 ரூபாவும் 27,600 ரூபாவும் சேர்ந்த 70,000 ரூபாவாகும். கணவன் அஞ்சிய தொகையிலும் இது குறைவு. மனைவி எண்ணிய தொகையிலும் இது அதிகம்.

அரைநாள் வேலை பாதி இலாபம் தருமா?

"முழுவதும் விடாமல் அரைநாள் வேலை பார்க்கிறேன்" என்பது பலருக்கும் நடுவழியாகத் தோன்றும். நிறுவனமும் இணங்கி 60,000 ரூபா தருவதாகக் கொள்வோம். சேமலாப நிதி போக 55,200 ரூபா கைக்கு வரும். சம்பளம் பாதியாகிறது, ஆனால் செலவு பாதியாவதில்லை. பஸ்காரர் அரைநாள் வேலைக்காரிக்கு அரைக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த 10,000 ரூபா அப்படியே நிற்கும். பராமரிக்கும் பெண்ணும் அரைநாளுக்கு 25,000 ரூபாவுக்குக் குறைந்து வரமாட்டாள். உணவுக்கு 3,000, உடுப்புக்கு 3,000 சேர்த்தால் செலவு 41,000 ரூபா. வீட்டுக்கு மிஞ்சுவது 14,200 ரூபா. இரண்டு நிதிகளுக்கும் சேரும் பணமும் 13,800 ரூபாவாகக் குறையும். எல்லாம் சேர்த்து 28,000 ரூபா. முன்பு 70,000 ரூபா. பாதி வேலைக்குப் பாதியிலும் குறைந்த பலன்.

அதே மனைவி வாரத்தில் ஐந்து அரைநாட்களுக்குப் பதிலாக மூன்று முழு நாட்கள் போக முடியுமானால் கணக்கு மாறும். ஐந்தில் மூன்று பங்காக 72,000 ரூபா சம்பளம். பஸ் செலவு 6,000 ஆகக் குறையும். பராமரிப்புக்கு 27,000 போதும். உணவும் உடுப்பும் 8,000 என்று கொண்டால் கையில் சுமார் 25,000 ரூபா மிஞ்சும். ஆகவே நிறுவனத்திடம் கேட்கும்போது "நேரத்தைக் குறையுங்கள்" என்று கேட்பதிலும் "நாட்களைக் குறையுங்கள்" என்று கேட்பது சிறந்தது. நோயாளியைத் தினமும் பிற்பகலில் பார்க்கவேண்டிய வீட்டுக்கு இது பொருந்தாதிருக்கலாம். அவ்வாறாயின் அரைநாள் வேலையை வருமானத்துக்காக அன்றி, பின்னர் முழுநேர வேலைக்குத் திரும்பும் வாசலைத் திறந்து வைப்பதற்காகவே ஏற்க வேண்டும்.

பணிக்கொடையில் ஒளிந்திருக்கும் குழி

அரைநாள் வேலைக்கு மாறுமுன் அறியவேண்டிய மற்றொரு செய்தி உண்டு. இதனை அறியாமையினால் பல இலட்சம் ரூபா கைநழுவிப் போகலாம்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடங்களைப் பூர்த்தி செய்த ஊழியர் விலகும்போது, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்கப்பட வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குரிய கணக்கு இது. இங்கே கவனிக்கவேண்டிய சொற்கள் இரண்டு. ஒன்று, "இறுதியாகப் பெற்ற சம்பளம்". மற்றது, "பூர்த்தியான வருடம்".

நம் உதாரணத்து மனைவி இன்று முழுச் சம்பளத்துடன் விலகினால், அரை மாதச் சம்பளம் 60,000 ரூபா. பன்னிரண்டு வருடங்களுக்கு 720,000 ரூபா. அவள் விலகாமல் ஒரு வருடம் அரைநாள் வேலை பார்த்து, அதன்பின் விலகினால், இறுதிச் சம்பளம் 60,000 ரூபா. அதன் பாதி 30,000. பதின்மூன்று வருடங்களுக்கு 390,000 ரூபா. ஒரு வருடம் கூடுதலாக உழைத்தும் 330,000 ரூபா குறைவு! முழுநேரம் உழைத்த பன்னிரண்டு வருடங்களும் அரைச் சம்பளத்தில் அளக்கப்பட்டமையே காரணம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. சட்டம் கூறுவது ஆகக் குறைந்த தொகையையே. கூடுதலாகக் கொடுப்பதை அது தடுக்கவில்லை. ஆகவே அரைநாள் வேலைக்கான புதிய கடிதத்தில் கையொப்பமிடுமுன், "இன்றுவரையான சேவைக்குரிய பணிக்கொடை இன்றைய முழுச் சம்பளத்தில் கணக்கிடப்படும்" என்று ஒரு வரியை எழுத்தில் பெற வேண்டும். வாய்ப்பேச்சில் கொடுத்த உறுதி, முகாமையாளர் மாறியவுடன் காற்றில் போய்விடும். நிறுவனம் இணங்காவிட்டால், அரைநாள் வேலையை நெடுங்காலம் தொடரும் எண்ணம் உண்டா, அல்லது சில மாதங்களில் விலகும் எண்ணமா என்பதை மனைவி தனக்குள் தெளிந்துகொள்ள வேண்டும். பின்னது உண்மையாயின், முழுச் சம்பளத்தில் இருக்கும்போதே விலகுவது மேல்.

பணிக்கொடைக்கு எடுக்கப்படும் சம்பளம் அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப் படி போன்றவையுமே; பிரயாணப் படி, மேலதிக நேரப் பணம் ஆகியவற்றை அதில் சேர்த்து எண்ணி ஏமாறக்கூடாது. சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் எது எதுவென்று விளங்கும்.

கைக்கு எட்டும் பணமும் எட்டாத பணமும்

பணிக்கொடை, விலகி முப்பது நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டியது. தாமதமானால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் உள்ள பணத்தையும் வேலையை விட்டதும் கோரலாம்.

சேமலாப நிதி அவ்வாறானதன்று. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலுமே அது சாதாரணமாகக் கைக்கு வரும். 41 வயதுப் பெண் வேலையை விட்டதனால் மாத்திரம் அதனைப் பெற இயலாது. இன்னும் ஒன்பது வருடம் அது வட்டியுடன் வளர்ந்துகொண்டே இருக்கும். இது ஒருவகையில் நன்மையே. ஆனால் வீட்டுச் செலவுத் திட்டத்தில் அத்தொகையை எழுதுவது, பூட்டிய பெட்டியைக் காட்டிக் கடைக்காரனிடம் சாமான் கேட்பது போலாகும். விலகுமுன் ஒரு காரியம் செய்ய வேண்டும்: சேமலாப நிதிக் கணக்கில் உள்ள பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாக உள்ளனவா, ஒவ்வொரு மாதப் பணமும் செலுத்தப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். விவாகத்துக்கு முன்னும் பின்னும் வெவ்வேறு பெயர் எழுதியவர்களுக்கு இது மிக முக்கியம். வேலையில் இருக்கும்போது ஒரு கடிதத்தில் திருத்தக்கூடிய பிழை, பத்து வருடத்தின் பின் பல படிகள் ஏறி இறங்கச் செய்யும்.

மூன்று மாத ஒத்திகை

இனி வீட்டுச் செலவுக்கு வருவோம். மனைவியின் வேலையோடு சம்பந்தமில்லாத செலவுகள் இவை: வீட்டுக் கடன் தவணை 48,000 ரூபா, உணவு 58,000, மின்சாரம், தண்ணீர், காஸ், தொலைபேசி 17,000, பாடசாலையும் தனியார் வகுப்பும் 24,000, மருந்து 13,000, கணவனின் பிரயாணமும் நன்மை தின்மைகளும் 12,000. ஆக 172,000 ரூபா. கணவன் கொண்டுவருவது 150,900 ரூபா. குறைவு 21,100 ரூபா.

இக்குறைவைக் காகிதத்தில் நிரப்புவது எளிது. "மீனைக் குறைப்போம், சீட்டை நிறுத்துவோம்" என்று எழுதிவிடலாம். அது நடக்குமா என்பதை அறிய ஒரே வழி, வேலையை விடுமுன்பே விட்டதுபோல் வாழ்ந்து பார்ப்பது. சம்பள நாளன்று மனைவியின் பணத்திலிருந்து 42,400 ரூபாவை வேறொரு சேமிப்புப் புத்தகத்தில் போட்டுவிட வேண்டும். மீதியில் குடும்பம் நடக்க வேண்டும். முடியாதபோது அப்புத்தகத்திலிருந்து எடுக்கலாம். ஆனால் எடுத்ததை எழுத வேண்டும்.

மூன்று மாதத்தில் அப்புத்தகத்தில் 127,200 ரூபா இருக்க வேண்டும். நம் குடும்பத்தில் 90,000 ரூபா இருக்கிறது என்று வைப்போம். எடுத்தது 37,200; மாதத்துக்கு 12,400 ரூபா. ஆகவே சிக்கனத்தினால் 8,700 ரூபாவைக் குறைக்க முடிந்தது. மாதம் 12,400 ரூபா குறைவு நிற்கிறது. இதுவே அக்குடும்பத்தின் உண்மையான எண். மூன்றாம் மாதத்தில் எடுத்தது முதல் மாதத்திலும் அதிகமாயின், சிக்கனம் நிலைக்கவில்லை என்று அறியலாம். ஒத்திகைக்கு எடுக்கும் மாதங்களுள் பாடசாலைச் செலவு வரும் சனவரியோ, சித்திரை வருடப்பிறப்போ, தீபாவளியோ ஒன்றாவது இருக்க வேண்டும். விசேடமில்லாத மாதங்கள் நம்மை ஏமாற்றும்.

இன்றா, பத்து மாதம் கழித்தா?

இரு சம்பளம் வரும் வீட்டில் ஒருவர் வேலை போனால் மற்றவர் சம்பளம் அடுப்பை எரிய வைக்கும். ஒரு சம்பளம் மாத்திரம் வரும் வீட்டில் அது போனால் எல்லாமே போகும். ஆகவே ஆறு மாதச் செலவுக்குரிய பணம் தொடப்படாமல் வங்கியில் இருக்க வேண்டும். சிக்கனத்துக்குப் பின் செலவு 163,300 ரூபா. ஆறு மாதத்துக்குச் சுமார் 980,000 ரூபா.

நம் குடும்பத்தின் சேமிப்பு 400,000 ரூபா. வீட்டுக் கடனில் இன்னும் 44 தவணைகள் உள்ளன. மனைவி இன்றே விலகினால் பணிக்கொடை 720,000 சேர்ந்து 1,120,000 ரூபா ஆகும். காப்புப் பணத்தை ஒதுக்கினால் மிஞ்சுவது 140,000 ரூபா. மாதம் 12,400 வீதம் அது பதினொரு மாதத்தில் தீர்ந்துவிடும். கடனோ 44 மாதம் நிற்கும். அதன்பின் காப்புப் பணத்தில் கை வைக்க நேரும்.

அவள் பத்து மாதம் பொறுத்தால் என்னாகும்? ஒத்திகைபோலவே வாழ்ந்தால் மாதம் 30,000 ரூபாவாக 300,000 ரூபா சேரும். அத்துடன் பதின்மூன்றாவது வருடம் பூர்த்தியாகிப் பணிக்கொடை 780,000 ரூபா ஆகும். ஒரு மாதம் முந்தி விலகினாலும் அந்த 60,000 ரூபா இல்லை. இப்போது கையிருப்பு 1,480,000 ரூபா. காப்புப் பணம் போக 500,000 ரூபா மிஞ்சும். கடனில் மீதமிருப்பது 34 தவணை. 34 மாதக் குறைவுக்கு வேண்டியது 421,600 ரூபா. கணக்கு நேராகிறது, 78,400 ரூபா மிச்சமும் நிற்கிறது.

பத்து மாதம் என்பது நோயாளி உள்ள வீட்டில் சிறிய காலமன்று. ஆயினும் "எப்போதாவது விடலாம்" என்று ஏங்குவதற்கும், "இன்ன மாதம் இன்ன திகதி விடுகிறேன்" என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டு காலையில் பஸ் ஏறுவதற்கும் மிக்க வேறுபாடுண்டு.

இத்திட்டத்துக்கும் எல்லையுண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய வருடத்திலும் பார்க்க ஏறக்குறைய நூற்றுக்கு 70 வீதம் ஏறியதை எவரும் மறக்கவில்லை. அத்தகைய காலம் மீண்டும் வந்தால் 12,400 ரூபா என்ற எண் நிலைக்காது. ஆகவே விலகிய பின்னும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைப் பார்க்க வேண்டும். குறைவு 20,000 ரூபாவைத் தாண்டினால் மனைவி பகுதிநேர வருமானம் ஒன்றைத் தேடவேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைப்பது நன்று. வீட்டுக் கடனுக்குக் கணவனின் உயிர்க் காப்புறுதி உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஒற்றைத் தூணில் நிற்கும் வீட்டுக்கு அது அவசியம்.

அவள் பெயரில் ஒரு புத்தகம்

முன்னர் ஒதுக்கி வைத்த 27,600 ரூபாவை மறந்துவிடக்கூடாது. கடன் தீரும்வரை அதனைச் சேமிக்க இக்குடும்பத்தால் இயலாது. அது இந்த முடிவின் விலை. ஆனால் கடைசித் தவணை கட்டிய மறு மாதமே 48,000 ரூபா விடுபடுகிறது. அதில் 12,400 ரூபா மாதக் குறைவை அடைக்கும். மிகுதி 35,600 ரூபா. அதிலிருந்து 27,600 ரூபாவை மாதந்தோறும் மனைவியின் பெயரில் உள்ள சேமிப்பில் இட வேண்டும். அதன் பின்னும் 8,000 ரூபா வீட்டுக்கு மிஞ்சும்.

இதனைக் கணவன் தரும் தயவாக எண்ணலாகாது. மாதம் 45,000 ரூபா கொடுத்துப் பிறரைக் கொண்டு செய்வித்த வேலையை அவள் இப்போது தன் கையால் செய்கிறாள். அதற்காகத் தன் முதுமைப் பணத்தை விட்டுக்கொடுத்திருக்கிறாள். நோயாளி கணவனின் தாயாராயினும் அந்த இழப்பு அவள் ஒருத்தியினதாக இருத்தல் நீதியன்று. வேலையை விடும் கடிதத்தை எழுதும் அன்றே, அந்தப் புத்தகத்தைத் திறப்பதற்கான திகதியையும் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருவரும் எழுதிக் கையொப்பமிட்டு வைப்பார்களாக.